பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குச் சாப்பாடு போதுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாடும் பிள்ளைகளுக்கான உணவு ஆலோசகராக நான் பார்த்த வரையில், நம் வீடுகளில் வளரிளம் வயதினர் குறைவாகச் சாப்பிடுவதற்கு டயட் மோகம் முதல் காரணமாக இருப்பதில்லை. பயிற்சி நேரமும் பள்ளி நேரமும் டியூஷன் நேரமும் சேர்ந்து சாப்பாட்டு நேரத்தை விழுங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். கீழே உள்ள கேள்விகள் பெற்றோரும் பயிற்சியாளர்களும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. பதில்களில் ஒரே ஒரு பெண்ணின் கணக்கைத் தொடர்ந்து எடுத்துச் செல்கிறேன். 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடும் 14 வயதுப் பெண் அவள்.

என் மகளுக்கு 14 வயது. காலையும் மாலையும் ஓடுகிறாள். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும், அதே வயது ஆணுக்கு 2,860 கலோரியும் தேவை. 16 முதல் 18 வயதில் இது பெண்ணுக்கு 2,500 ஆகவும், ஆணுக்கு 3,320 ஆகவும் உயர்கிறது. 18 வயது ஆண்பிள்ளை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தன் அப்பாவைவிட அதிகம் சாப்பிட வேண்டியவன் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

இவை சுமார் 50 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடித் திரியும் 13–15 வயதுப் பிள்ளையை நினைத்துப் போட்ட எண்கள். தினமும் இரண்டு வேளைப் பயிற்சி எடுப்பவருக்கு அந்தச் செலவையும் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 44 கிலோ எடையுள்ள பெண் 6 கிலோமீட்டர் ஓடினால் 264 கலோரி போய்விடும். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது. தூரத்தையும் எடையையும் பொறுத்தே அமையும்.

வளர்வதற்கே நிறைய ஆற்றல் செலவாகும் என்கிறார்களே, அது எவ்வளவு?

பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு பெண் ஓராண்டில் 4 கிலோ எடை கூடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் புதிய திசு உருவாக ஏறக்குறைய 2 கலோரி என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் பயன்படுத்தும் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 8,000 கலோரி, நாளுக்கு 22 கலோரி. அரை இட்லிகூட வராது.

இவ்வளவு சிறிய செலவு ஏன் நின்றுபோகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஓட்டத்துக்கான ஆற்றலைத் தசை முதலில் எடுத்துக்கொள்கிறது. இதயமும் மூளையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. மிச்சம் குறைந்துபோனால், இன்றைக்குச் செய்யாவிட்டாலும் உயிர் போகாத வேலைகளை உடல் தள்ளிப்போடுகிறது. எலும்பு கெட்டிப்படுவது, உயரம் கூடுவது, மாதவிடாய்ச் சுழற்சி, காயம் ஆறுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து சினைப்பைக்குப் போகும் சமிக்ஞை தளர்கிறது. தைராய்டு சுரப்பியின் வேகம் குறைகிறது. வளர்ச்சி இயக்குநீரின் ஆணையைக் கல்லீரலிலிருந்து எலும்புக்கு எடுத்துச் செல்லும் தூதுப்பொருளும் குறைகிறது. அரை இட்லிக்கான காசு இல்லாததால் இவை நிற்பதில்லை. வீட்டில் மொத்தமாகவே கையிருப்பு இல்லை என்று தெரிந்ததும் உடல் எடுக்கும் முடிவு இது.

நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். போதவில்லை என்று எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

பயிற்சிச் செலவு போக உடலுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கிறோம். சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, வரும் தொகையைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 45 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல் தன் வேலைகளைச் சரியாகச் செய்யும் என்றும், 30-க்குக் கீழே பல நாள் இருந்தால் இயக்குநீர்கள் குலையத் தொடங்கும் என்றும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. 30 என்பது எல்லாருக்கும் பொதுவான கோடு அல்ல; சிலருக்கு அதற்கு மேலேயே தொல்லை தொடங்குகிறது.

இனி அந்தப் பெண்ணின் கணக்கு. எடை 44 கிலோ. அதில் கொழுப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், மிச்சம் 35 கிலோ. காலையில் 6 கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் முக்கால் மணி நேரம் வேகப்பயிற்சி. இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 480 கலோரி. அவள் அம்மா மூன்று நாள் சாப்பாட்டை ஒரு பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தார். ஒரு நாள் இப்படி இருந்தது.

காலை 5.15-க்குச் சின்ன டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும், 110 கலோரி. பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்து குளித்து, 8.15-க்கு நின்றபடியே மூன்று இட்லி, கொஞ்சம் சட்னி, 250. மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதமும் பொரியலும், 420. நான்கரை மணிப் பயிற்சிக்கு முன் தண்ணீர் மட்டும். ஏழு மணிக்கு டியூஷன் போகும் வழியில் டீயும் ஒரு பஜ்ஜியும், 180. ஒன்பது மணிக்கு இரண்டு தோசை, 320. படுக்கும் முன் பால், 120. மொத்தம் 1,400.

1,400-இல் 480 போனால் 920. அதை 35-ஆல் வகுத்தால் 26. நாளுக்கு ஆறு முறை வாயில் ஏதோ போட்டிருக்கிறாள். பட்டினி கிடந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் போனது கொஞ்சமே. பள்ளி இடைவேளையும், மாலைப் பயிற்சிக்கு முந்திய நேரமும், பயிற்சி முடிந்த கையோடு வரும் நேரமும் வெறுமையாகக் கிடந்தன.

இந்தக் கணக்கு வீட்டில் அன்றாடம் போடுவதற்கு உரியதல்ல. கொழுப்பின் அளவும் பயிற்சிச் செலவும் மதிப்பீடுகள்தான். அளந்து எழுதும் சாப்பாட்டிலும் பிழை வரும். நான் இதைப் பள்ளத்தின் ஆழம் தெரிந்துகொள்ள ஒரு முறை பயன்படுத்துகிறேன். பிள்ளையின் முன்னால் கலோரி எண்களை நான் பேசுவதில்லை. அந்த வயதில் எண் ஒருமுறை மனதில் ஒட்டிக்கொண்டால் அது குறைக்கும் பக்கமாகவே இழுக்கும்.

அந்தப் பெண்ணுக்கு எதை, எந்த நேரத்தில் கூட்டினீர்கள்?

தட்டிலுள்ள சோற்றை இரட்டிப்பாக்கச் சொல்வதில் பயனில்லை; பசி மங்கிப்போன பிள்ளையால் அதைச் சாப்பிட முடியாது. வெறுமையாகக் கிடந்த நேரங்களை நிரப்பினோம்.

5.15-க்கு டீக்குப் பதிலாக ஒரு வாழைப்பழமும் சிறிது பாலும். பயிற்சி முடிந்ததும், வீட்டுக்கு வரும்வரை காத்திராமல், மைதானத்திலேயே ஒரு வேகவைத்த முட்டையும் இரண்டு கடலை உருண்டையும். வீட்டில் நான்கு இட்லி, சாம்பார், நல்லெண்ணெய் குழைத்த பொடி. 10.40 இடைவேளைக்கு ஒரு சிறிய டப்பாவில் சுண்டலோ வேகவைத்த நிலக்கடலையோ. மதிய டப்பாவை ஒரு அளவு பெரிதாக்கி, கலந்த சாதத்தோடு கூட்டும் ஒரு முட்டையும். மாலை நான்கு மணிக்கு, பள்ளி விட்டதும், நனைத்த அவலில் வெல்லமும் தேங்காயும். இரவு டியூஷன் நேரத்தை மாற்றி, எட்டு மணிக்கு மூன்று தோசையும் சாம்பாரும். படுக்கும் முன் வழக்கமான பால்.

இது 2,500 கலோரியை ஒட்டி வரும். 45-ஐ எட்ட 2,055 போதும் என்று சூத்திரம் சொல்லும். வளரும் பிள்ளைக்கு அதை நான் தரைமட்டமாகவே எடுத்துக்கொள்கிறேன், அதுவும் பல மாதம் பற்றாக்குறையில் இருந்தவளுக்கு. ஒரே நாளில் இதற்குத் தாவவில்லை. முதல் வாரம் காலை 5.15-ம் மைதான டப்பாவும், இரண்டாம் வாரம் இடைவேளையும் மாலை நான்கு மணியும், மூன்றாம் வாரம் மதியமும் இரவும் என்று கூட்டினோம். முதல் பத்து நாள் வயிறு உப்புசமாக இருக்கிறது என்றாள். குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய குடல் மெதுவாகவே நகரும்; பிறகு அது சரியாகிவிட்டது.

மைதான டப்பாவைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வேன். பயிற்சி முடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் எதுவும் போகாமல், பிறகு அவசரமாக மூன்று இட்லியோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளை, அரை நாள் முழுக்கக் கடனிலேயே இருக்கிறது. இரவில் அந்தக் கடனை அடைத்தாலும், பகலில் பல மணி நேரம் பற்றாக்குறையில் இருந்ததை உடல் குறித்து வைத்துக்கொள்கிறது.

காலை ஐந்து மணிக்கு ஒன்றும் இறங்காது, வாந்தி வருகிறது என்கிறானே?

பாதி வாழைப்பழத்திலோ இரண்டு பேரீச்சம்பழத்திலோ தொடங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைச் சாறு. இரண்டு, மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும். முந்தின இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள். காலையில் ஒன்றும் இறங்காததற்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

எடை குறையவே இல்லையே! பிறகு எப்படிப் பற்றாக்குறை என்கிறீர்கள்?

வளர்ந்து முடித்தவருக்கு எடை மாறாமல் இருப்பது நல்ல செய்தி. வளரும் பிள்ளைக்கு அப்படியல்ல. அந்தப் பெண்ணின் பழைய விளையாட்டுச் சான்றிதழ் ஒன்றில் பத்து மாதத்துக்கு முந்திய எடை 44 கிலோ என்றே இருந்தது. அந்த இடைவெளியில் அவள் 3 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அந்த வயதில் ஆண்டுக்கு மூன்று, நான்கு கிலோ கூட வேண்டியவளுக்கு ஒன்றும் கூடவில்லை என்றால், கூட வேண்டியது எங்கோ போய்விட்டது என்று பொருள். வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அவள் மெலிந்தது போலத் தெரிந்ததை உயரம் கூடியதன் விளைவு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

உடல் சிக்கனத்துக்குப் போய்விடுவதும் எடை குறையாததற்கு இன்னொரு காரணம். உள்ளே சூடு குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது, பயிற்சி இல்லாத நேரத்தில் பிள்ளை அசையாமல் படுத்துக் கிடக்கிறது. குறைந்த வரவுக்கு ஏற்பக் குறைந்த செலவு. தராசு முள் அசைவதில்லை.

ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தையும் எடையையும் குறித்து, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 5 முதல் 18 வயது வரைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அது இருக்கிறது. பிள்ளை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. இதுவரை போய்க்கொண்டிருந்த கோட்டிலிருந்து கீழே உள்ள கோட்டை நோக்கி இறங்குகிறதா என்பதே முக்கியம். ஒல்லியாகவே வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் தங்கள் கோட்டை விட்டு இறங்குவதில்லை.

நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடினமாகப் பயிற்சி எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று கோச் சொல்கிறார்.

மைதானங்களில் இந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இதைவிடத் தீங்கான பேச்சு அங்கே வேறு இல்லை என்பது என் எண்ணம். கடினப் பயிற்சி தன்னளவில் மாதவிடாயை நிறுத்துவதில்லை. அதே பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிட்டவர்களுக்குச் சுழற்சி குலையவில்லை என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நிறுத்துவது, பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் இடையே விழும் பள்ளம்.

பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆனால் வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ, 15 வயது முடிந்தும் பூப்பெய்தாமல் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி முதலானவற்றை அவர் முதலில் விலக்கிப் பார்ப்பார். சாப்பாட்டுப் பற்றாக்குறைதான் காரணம் என்று தெரிந்தால் மருந்து சாப்பாடுதான். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதம் ஒரு முறை இரத்தப்போக்கை வரவழைக்கலாம். ஆனால் அது பிரச்சினையை மூடி மறைக்குமே தவிர, எலும்பைக் காப்பாற்றாது. 'வந்துவிட்டதே' என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

எலும்புக்காக ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், உயரம் வேகமாகக் கூடும் காலத்தைச் சுற்றிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு அந்தக் காலம் 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14-ஐ ஒட்டியும் வருகிறது. அப்போது சேராமல் போனதைப் பிறகு முழுமையாகச் சேர்ப்பது கடினம்.

முதலில் இதைப் பெண்களுக்கான நோயாகவே பார்த்தார்கள்; சாப்பாட்டுக் குறை, மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றையும் சேர்த்து 1990-களில் ஒரு பெயர் வைத்தார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை, விளையாட்டில் உடலுக்கு நேரும் ஆற்றல் பற்றாக்குறை என்ற பொருளில், 'ரெட்-எஸ்' என்று விரித்துப் பெயரிட்டது. ஆண்களும் அதில் அடக்கம். எலும்பு மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு, இதயம், குடல், மனநிலை எல்லாம் அதில் அடக்கம்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தோம்.

விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் உட்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, வார்ம்-அப் செய்ததும் தணிந்தால், பெரும்பாலும் அது தசை இழுப்பிடத்தில் வரும் அழற்சி. ஒரே ஒரு புள்ளியை அழுத்தும்போது பிள்ளை துள்ளினால், அந்தக் காலில் மட்டும் குதிக்க முடியாமல் போனால், ஓட ஓட வலி கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. முதல் இரண்டு, மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, எம்.ஆர்.ஐ.யில் முன்னெலும்பு வீங்கியிருந்தது. கோடாக உடைவதற்கு முந்திய நிலை அது. உண்மையில் அவள் குடும்பம் என்னிடம் வந்தது கால்வலிக்காகத்தான். மாதவிடாய் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

பையன்களுக்கு இது வராதா?

வரும். தெரியும்படியான மாதாந்திர அடையாளம் இல்லாததால் தாமதமாகவே பிடிபடும். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. கூடப் படிக்கும் பையன்கள் தோள் விரிந்து குரல் உடையும்போது இவன் மட்டும் பின்தங்குகிறான். பயிற்சி எடுத்தும் தசை கூடுவதில்லை, சளியும் காய்ச்சலும் மாதம் ஒரு முறை வந்து போகிறது, சின்னக் காயம் வாரக்கணக்கில் ஆறுவதில்லை.

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில், குத்துச்சண்டை, மல்யுத்தம், எடை வரம்பு வைத்த கபடி ஆகியவற்றில், நான் தனியாக விசாரிப்பேன். எடை பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு நாள் சோறில்லாமல், கனத்த ஜெர்சியோடு வெயிலில் ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பி இரண்டு கிலோ இறக்கும் பழக்கம் பள்ளி அளவிலேயே இருக்கிறது. அந்த இரண்டு கிலோவும் பெரும்பாலும் நீர். நீரிழப்போடு விளையாட இறங்கினால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் போகும் ஆபத்து உண்டு. வளரும் வயதில் ஒரே எடைப் பிரிவில் இரண்டு ஆண்டு தங்க முயல்வது, வளராமல் இருக்க முயல்வதுதான்.

எடை இரண்டு கிலோ குறைந்தால் நேரமும் குறையும் என்கிறார்களே, உண்மையில்லையா?

சில வாரங்களுக்கு உண்மைபோலத் தெரியும், அதனால்தான் அந்த நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது. எடை குறைந்த முதல் ஓரிரு மாதத்தில் பிள்ளை முன்னைவிட வேகமாக ஓடலாம். அதன் பிறகு நேரம் தேங்கும், பின்னர் ஏறும். தசையில் சேமித்த மாவுச்சத்து எப்போதும் பாதியிலேயே இருப்பதால் கடைசி 200 மீட்டரில் கால் எழும்பாது. முந்தின நாள் பயிற்சியிலிருந்து உடல் மீளாது. விரிசல் விழுந்து இரண்டு மாதம் உட்கார நேரும். பதினேழு வயதில் உலகின் கவனத்தை ஈர்த்த அமெரிக்க ஓட்டவீராங்கனை மேரி கெய்ன், எடை குறைக்கச் சொல்லி வந்த அழுத்தத்தில் மூன்றாண்டு மாதவிடாய் நின்றதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-ல் தாமே வெளிப்படையாகச் சொன்னார்.

பயிற்சி அதே அளவு, நேரம் மட்டும் மோசமாகிறது என்றால், நம் ஊரில் பயிற்சியைக் கூட்டுவார்கள். சாப்பாட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

தேவையில்லை. விளையாடும் வளரிளம் வயதினருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் தாராளம். 44 கிலோவுக்கு 66 கிராம். மேலே சொன்ன சாப்பாட்டில் முட்டை, பால், சுண்டல், கடலை, சாம்பார், இட்லி, தோசை எல்லாம் சேர்ந்து அதை எட்டிவிடுகின்றன. மொத்தக் கலோரி போதாதபோது எவ்வளவு புரதம் ஊற்றினாலும் உடல் அதையும் விறகாக எரித்துவிடும். தவிர, ஒரு பெரிய டம்ளர் பவுடர் கரைசல் குடித்த பிள்ளை அடுத்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளும். முட்டை சாப்பிடாத வீட்டில் அதற்கு ஈடாகப் பயறும் பனீரும் தயிரும் கூட்டலாம்.

எப்போதும் சோர்வு என்கிறாள். இரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தால் போதுமா?

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற சோதனையையும் கேளுங்கள். முன்னது சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருப்பதை அது காட்டும். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை தேவைப்படும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை தடுப்புக்கானது, வற்றிய சேமிப்பை நிரப்ப அது போதாது. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி வேண்டாம்; கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் சோர்வுக்கு இரும்பு மட்டுமே காரணம் என்று நின்றுவிடாதீர்கள். சாப்பாடு குறைந்த பிள்ளைக்கு இரும்பும் குறைந்திருக்கும். மாத்திரை இரும்பை மட்டுமே சரிசெய்யும்.

எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மயங்கி விழுந்தால், பயிற்சியில் நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ, சில வாரங்களில் எடை வேகமாக இறங்கினால், சாப்பாட்டைப் பார்த்தாலே பயந்தால் அல்லது சாப்பிட்டபின் குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டால், அன்றே போங்கள். பகலில் ஓய்வாக விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே. 'ஓடுபவருக்குத் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும்' என்பது உண்மைதான். ஆனால் மெலிந்து, கை கால் சில்லிட்டு, எழுந்தால் கண் இருட்டுகிற பிள்ளைக்கு அந்தச் சமாதானத்தைச் சொல்லக் கூடாது. இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. நீண்ட நாள் பட்டினிக்குப் பின் இரத்தத்தில் உப்புகளின் அளவு குலையும், மருத்துவர் கண்காணிப்பில்தான் கூட்ட வேண்டும்.

வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளை தளர்வான சட்டைகளைத் தேடும், 'பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்' என்று சொல்லும், சாதத்தைத் தட்டில் ஒதுக்கி ஒதுக்கி வைக்கும். அதைத் திட்டுவதால் ஒளித்துச் செய்யும் வேலை மட்டுமே கூடும். குழந்தைகள் மனநல மருத்துவரும் சிகிச்சையில் சேர வேண்டும்.

மறுபடி எப்போது ஓடலாம்?

அந்தப் பெண்ணின் ஓட்டம் ஆறு வாரம் முழுமையாக நின்றது. நீச்சலும் கைப்பயிற்சியும் மட்டும் அனுமதித்தோம். மண்டலப் போட்டி கைவிட்டுப்போனது. அவள் அழுதாள், அவள் அப்பா என்மேல் கோபப்பட்டார். பயிற்சி குறைந்ததால் சாப்பாட்டையும் குறைத்துவிடலாமா என்று கேட்டார்கள். எலும்பு ஆறும் காலம் அது என்பதால் ஒரு பிடிகூடக் குறைக்க வேண்டாம் என்றேன். வலி முற்றிலும் போன பின், ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று புல்தரையில் தொடங்கி, வாரம் சிறிது சிறிதாக ஏற்றினோம்.

இரண்டாம் மாதத்தில் தூக்கம் ஆழமானது, பகலில் எரிந்து விழுவது நின்றது என்று அம்மா சொன்னார். எடை முதலில் கூடியது. ஐந்தாம் மாதத்தில் 46.5 கிலோவில் மாதவிடாய் திரும்பியது. எடைக்கும் சுழற்சிக்கும் இடையே இப்படிச் சில மாத இடைவெளி இருப்பது வழக்கம், அதற்குள் 'பலனில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தொடர்ந்து மூன்று சுழற்சிகள் வந்த பிறகே முழு அளவுப் பயிற்சிக்கும் போட்டிக்கும் சம்மதம் சொன்னேன். மைதானத்துக்குக் கடலை உருண்டை டப்பாவை இப்போது அவளே எடுத்துப் போகிறாள். கூட ஓடும் பெண்கள் பங்கு கேட்பதால் இரண்டு டப்பா வேண்டியிருக்கிறதாம்.